பன்னிரண்டேகால் மணி அலர்ட்: ஒரு சிறுகதைக்கான தொழில் விவரம்

*கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், சிறுகதைகள் எழுதுவேன். இப்போது எழுதும் கதையில், காற்றாலைகளின் டேட்டாவைக் கவனிக்கும் கோவை நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் அனலிஸ்ட் பெண் வருகிறாள். நடுராத்திரியில் ஒரு அலர்ட். அதை நோண்டப் போய், டேட்டா வருகிற வழியே பழுதாகிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறாள். ஹேக்கர் புகுந்துவிட்டான், திரை முழுக்கச் சிவப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐ.டி.யில் இருக்கும் என் தம்பி படித்துவிட்டு, இப்படியெல்லாம் நடக்காது என்கிறான். உண்மையில் அப்படி ஒரு ராத்திரியில் என்ன நடக்கும்? அவள் எதைப் பார்ப்பாள், யாருக்குப் போன் செய்வாள்?*
— ஒரு வாசகி, கோபி

வணக்கம். காற்றாலை டேட்டாவோடு பல வருடமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஹேக்கரை எடுத்துவிடுங்கள். திரையும் சிவப்பாக வேண்டாம், பச்சையாகவே இருக்கட்டும். டேட்டா நின்றுபோனால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். நிற்காமல், பொய்யான எண்களோடு ஒழுங்காக வந்துகொண்டே இருப்பதுதான் ஆபத்து. உங்கள் கதைக்கு அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு ராத்திரியை மணிக்கணக்கோடு எழுதிக் காட்டுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலம் ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் அடித்து வீசும் பருவம். உடுமலை பக்கம் ஒரே சப்ஸ்டேஷனோடு இணைந்த பத்துக் காற்றாலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 850 கிலோவாட். சொந்தக்காரர் ஒரு நூற்பாலை. நம் பகுதி மில்காரர்கள் பலர் தங்கள் மின்தேவைக்கென்று காற்றாலை போட்டிருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பத்தின் கணக்கைப் பார்ப்பதும், அடுத்து எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கணிப்புக் கொடுப்பதும் உங்கள் பெண்ணின் நிறுவனத்து வேலை. மின் தொகுப்பில் ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக, 96 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பிளாக். எல்லாக் கணக்கும் பிளாக் கணக்குத்தான்.

டேட்டா எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காற்றாலைக்கும் கோபுரத்தின் அடியில் கன்ட்ரோலர் இருக்கும். இந்த நிமிடத்துக் காற்று வேகம், இந்த நிமிடத்து உற்பத்தி, இன்று இதுவரை எத்தனை யூனிட், மெஷின் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட் என்று பல எண்கள் அதில் இருக்கும். பத்துக் கோபுரத்திலிருந்தும் ஃபைபர் கேபிள் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சுக்கு வரும். ஸ்விட்சிலிருந்து கேட்வே என்ற சின்னப் பெட்டிக்குப் போகும். கேட்வே ஒவ்வொரு மெஷினையும் வரிசையாகக் கேட்டு, கிடைத்த எண்களைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை சிம் கார்டு வழியாகக் கோவைக்கு அனுப்பும்.

இரவு 9:40க்கு ஸ்விட்சின் அடாப்டர் எரிந்துபோகிறது. கேட்வே யு.பி.எஸ்.ஸில் ஓடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது மெஷின்களைக் கேட்கிறது, பதில் வரவில்லை. ஒழுங்காக அமைத்த கேட்வே என்றால் "பதில் இல்லை" என்று ஒரு குறியோடு அனுப்பும். ஆனால் கள அளவில் பெரும்பாலும் புழங்கும் மோட்பஸ் என்ற பழைய முறையில், வருவது வெறும் எண் மட்டும்தான். அது எப்போது எடுத்த எண், நம்பலாமா கூடாதா என்று சொல்ல அதில் இடமே கிடையாது. அதனால் சில கேட்வேக்கள் கடைசியாகக் கிடைத்த எண்ணையே எடுத்து, இப்போதைய நேரத்தை ஒட்டி அனுப்பிக்கொண்டே இருக்கும். வகுப்புக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொரு பீரியடுக்கும் "38 பேர், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகும் வகுப்புத் தலைவனைப் போல.

கோவையில் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. நிமிடத்துக்கு ஒரு வரி வருகிறது. வரிகளின் எண்ணிக்கை சரி, நேரம் சரி. டேஷ்போர்டில் பச்சைப் புள்ளி எரிகிறது. அந்தப் புள்ளியின் அர்த்தம் கடைசி ஐந்து நிமிடத்தில் ஏதோ வந்தது என்பது மட்டுமே. பக்கத்தில் மொத்த உற்பத்தி 5.4 மெகாவாட் என்று நிற்கிறது. ஆடிக் காற்றுக்கு அது நம்பக்கூடிய எண்ணும்கூட.

இப்படியே இரண்டு மணி இருபது நிமிடம் போகிறது. பிறகு நள்ளிரவு வருகிறது. அலர்ட் ஏன் நடுராத்திரியில் வர வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு நல்ல காரணம் இருக்கிறது, கதையில் அதை விட்டுவிடாதீர்கள்.

"இன்று இதுவரை எத்தனை யூனிட்" என்ற எண், பன்னிரண்டு மணிக்குக் கன்ட்ரோலரில் பூஜ்யமாகி மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஒரு பிளாக்கில் எத்தனை யூனிட் என்று கண்டுபிடிக்க, கோவையில் ஓடும் புரோகிராம் இந்தப் பிளாக் முடிவில் இருக்கும் எண்ணிலிருந்து முந்தைய பிளாக் முடிவில் இருந்த எண்ணைக் கழிக்கும். நாளின் முதல் பிளாக்குக்கு மட்டும் கழிக்க வேண்டியதில்லை. பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதால் 12:15க்கு இருக்கும் எண்ணே முதல் பிளாக்கின் உற்பத்தி. நான்காம் மெஷினின் எண் 9,180இல் உறைந்து கிடக்கிறது. அது பூஜ்யமாகவே இல்லை. எனவே நேற்று ராத்திரி 9:40 வரை ஓடிய மொத்த உற்பத்தியும் இந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்ததாகக் கணக்கு வருகிறது. 850 கிலோவாட் மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் கால் மணி நேரத்தில் 212.5 யூனிட்டுக்கு மேல் தர முடியாது. அப்போதுதான் அலர்ட் அடிக்கிறது. அவள் போனில் இப்படி இருக்கும்:

```
[CRITICAL] 00:17 block_energy_exceeds_capacity
machine=WTG-04  block=00:00-00:15
value=9180.0 kWh  limit=212.5 kWh
```

இந்த அலர்ட் பழுதைப் பிடிப்பதற்காக எழுதியது இல்லை. யாரோ எப்போதோ கணக்குத் தவறைத் தடுக்க எழுதி வைத்த சாதாரண விதி. பழுது அதற்கு மேல் ஒளிந்திருக்க முடியாத முதல் இடம் அது, அவ்வளவுதான். அந்த அலுவலகம் மொத்த யூனிட் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் நள்ளிரவில் ஒன்றும் நடந்திருக்காது, காலை வரை யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் "தினசரி யூனிட்" என்பதை ஒரு வரியிலாவது முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

அப்படியானால் 9:40க்குப் பிறகு வந்த பிளாக்குகள்? உறைந்த எண்ணிலிருந்து உறைந்த எண்ணைக் கழித்தால் பூஜ்யம். மெஷின் ஓடவில்லை என்பது போலக் கணக்கில் விழும். அதற்கு ஏன் அலர்ட் வரவில்லை என்று உங்கள் தம்பி கேட்பார். காற்றாலையில் பூஜ்யம் சாதாரணம். காற்று நின்றாலும் பூஜ்யம், பராமரிப்புக்கு நிறுத்தினாலும் பூஜ்யம், மின் தொகுப்புக்கு இப்போது வேண்டாம் என்று குறைக்கச் சொன்னாலும் பூஜ்யம். அதற்கெல்லாம் அலர்ட் வைத்தால் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும், ஆகையால் யாரும் வைப்பதில்லை. நான்காம் மெஷினுக்கு டேஷ்போர்டில் 612 கிலோவாட், கணக்கில் பூஜ்யம் யூனிட். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஆனால் அவை இரண்டு வேறு அட்டவணைகளில் கிடந்ததால் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இனி உங்கள் பெண். அவளுக்கு முதலில் வரும் எண்ணம் "ஐயோ" என்று இருக்காது, "மறுபடியுமா" என்றுதான் இருக்கும். காரணம், இதே அலர்ட் பொய்யாகவும் வரும். ஏதாவது ஒரு கன்ட்ரோலரின் கடிகாரம் இருபது நிமிடம் பின்னால் ஓடினால், அதற்குப் பன்னிரண்டு மணி தாமதமாகத்தான் வரும். அதற்குள் நம் சர்வர் பழைய எண்ணை எடுத்துவிட்டால் இதே அலர்ட் அடிக்கும். கால் மணி நேரம் பொறுத்தால் அடுத்த பிளாக்கில் எண் தானாக இறங்கிவிடும். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டுத் தூங்கப் போவது பல அலுவலகங்களில் பழக்கம். சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்: "நடுராத்திரி இது வரும்மா, பயப்படாத. பூஜ்யம் போட்டுடு."

அவளை நிறுத்த வேண்டியவை இரண்டு. கடிகாரம் பின்தங்குவது ஒரு மெஷினுக்கு நடக்கும், பத்துக்கும் ஒரே ராத்திரியில் நடக்காது. இன்று பத்து அலர்ட். அடுத்தது, 12:30க்கு எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இன்னமும் 9,180. கதையின் திருப்பம் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் அலர்ட்டில் பதறும் பெண்ணைவிட, பழக்கப்பட்ட அலர்ட்டைப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்கும் பெண்தான் எனக்கு உண்மையாகத் தெரிகிறாள்.

அடுத்து அவள் டேஷ்போர்டை மூடிவிட்டு, வந்தது வந்தபடி சேமித்திருக்கும் அட்டவணையைத் திறப்பாள். டேஷ்போர்டு கூட்டி, சராசரி எடுத்து, அழகுபடுத்திக் காட்டும். உறைந்ததைப் பார்க்க மூல வரிகள் வேண்டும். நான்காம் மெஷினுக்கு நிமிடத்துக்கு ஒரு வரியாகக் கீழே இறங்கிப் பார்க்கிறாள். உற்பத்தி 612, 612, 612. காற்று வேகம் விநாடிக்கு 9.83 மீட்டர், 9.83, 9.83. உற்பத்தி எண் அசையாமல் நிற்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பலத்த காற்றில் மெஷின் தன் உச்சமான 850இலேயே நிற்கும், காற்றில்லாவிட்டால் பூஜ்யத்திலேயே நிற்கும். ஆனால் காற்று வேகம் இரண்டாவது தசமம் வரை மாறாமல் நிமிடக் கணக்கில் நிற்பது நடக்கவே நடக்காது. திறந்த வெளியில் காற்று அப்படி வீசாது. உறைந்த டேட்டாவைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் முதலில் பார்ப்பது காற்று வேகத்தைத்தான்.

எப்போது உறைந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கேள்வி எழுதுவாள். கதையில் இது வர வேண்டியதில்லை, அவள் விரல்கள் என்ன தட்டச்சு செய்கின்றன என்று உங்களுக்குத் தெரிவதற்காகத் தருகிறேன்:

```sql
SELECT machine_id, MAX(ts) AS last_change
FROM (
  SELECT machine_id, ts, wind_speed,
         LAG(wind_speed) OVER
           (PARTITION BY machine_id ORDER BY ts) AS prev
  FROM scada_raw
  WHERE ts >= '2024-07-23 18:00'
) t
WHERE wind_speed <> prev
GROUP BY machine_id;
```

ஒவ்வொரு மெஷினின் காற்று வேகமும் கடைசியாக எப்போது மாறியது என்பதே கேள்வி. பத்து வரி பதில் வரும், பத்தும் 9:40ஐ ஒட்டி ஒரு நிமிடத்துக்குள் இருக்கும். பழுது நடந்தது 12:15க்கு அல்ல என்று அவளுக்கு அங்கே தெரிந்துவிடும். பழுது எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும். ஒரு மெஷின் மட்டும் உறைந்திருந்தால் அந்தக் கோபுரத்தில் தேட வேண்டும். பத்தும் வெவ்வேறு நேரத்தில் உறைந்திருந்தால் ஃபைபர் அங்கங்கே அறுந்திருக்கலாம். பத்தும் ஒரே நிமிடத்தில் என்றால், பத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. கோவைக்கு வரி வந்துகொண்டிருப்பதால் சிம்மும் கேட்வேயும் உயிரோடு இருக்கின்றன. மிச்சம் இருப்பது கேட்வேக்கும் மெஷின்களுக்கும் நடுவில் இருக்கும் ஸ்விட்ச்தான்.

இப்போது போன். முதல் போன் மேனேஜருக்கு அல்ல, சப்ஸ்டேஷன் கன்ட்ரோல் ரூமில் நைட் ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டருக்கு. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"அண்ணா, கோயமுத்தூர் ஆபீஸ்ல இருந்து பேசறனுங்க. நாலாம் நம்பர் மிசின் இப்ப எத்தன கிலோவாட் காட்டுதுங்க?"

"இருங்க அம்மிணி, பாத்துச் சொல்றன்... அறுநூத்திப் பன்னண்டுங்க."

இங்கே பலர் ஏமாந்துவிடுவார்கள். அங்கேயும் 612தான், அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறது என்று போனை வைத்துவிடுவார்கள். ஆபரேட்டர் பார்த்தது மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரை. அந்தக் கம்ப்யூட்டரும் அதே கேட்வேயிலிருந்துதான் படிக்கிறது. ஒரே பொய்யை இரண்டு திரைகளில் பார்த்தால் அது உண்மையாகிவிடாது. உங்கள் பெண்ணுக்கு இது தோன்ற வேண்டும். கொஞ்சம் யோசித்த பிறகு தோன்றினால் இன்னும் நல்லது.

"அண்ணா, கம்ப்யூட்டர் வேண்டாமுங்க. பேனல்ல மீட்டர் இருக்குமல்லங்க, அதுல மொத்தம் எவ்வளவு போகுதுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். "மூணு புள்ளி ஒண்ணு மெகாவாட் போகுதுங்க." திரையில் 5.4. "காத்து அப்பவே கொறஞ்சு போச்சுங்களே. சாயங்காலம் இருந்த வேகம் இல்லீங்க இப்ப."

சப்ஸ்டேஷன் மீட்டருக்கும் கேட்வேக்கும் சம்பந்தம் கிடையாது. அது தன் வழியில் அளந்து, பதினைந்து நிமிடக் கணக்கைத் தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும். மின்வாரியக் கணக்கும் அதை வைத்துத்தான். அதனால் கதையில் மில்லுக்குக் கோடிக்கணக்கில் நஷ்டம் என்றெல்லாம் எழுத வேண்டாம். மின் தொகுப்புக்குக் கொடுத்த மின்சாரத்தின் கணக்கு பத்திரமாக இருக்கிறது. கெட்டுப்போவது முன்கணிப்பும், எந்த மெஷின் எப்படி ஓடியது என்ற தகவலும்.

அப்புறம் அவள் ஆபரேட்டரை ஸ்விட்சின் விளக்குகளைப் பார்க்கச் சொல்வாள். ஒன்றும் எரியவில்லை. மாற்று அடாப்டர் அந்த நேரத்தில் அங்கே கிடைக்காது, காலையில்தான் வரும். அவர் உதவி செய்யும் எண்ணத்தில், "அந்தப் பொட்டிய ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுங்களா?" என்று கேட்வேயைக் காட்டிக் கேட்பார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அணைத்துப் போட்டால் கேட்வேயின் நினைவு காலியாகும், மெஷின்கள் பதில் சொல்லாததால் எல்லா எண்ணும் பூஜ்யமாக வர ஆரம்பிக்கும். அப்புறம் பார்க்கிறவர்களுக்குக் காற்று நின்றுபோனது போலத் தெரியும். எத்தனை தடவை கேட்டுப் பதில் வரவில்லை என்ற பதிவு கேட்வேயில் இருந்தால் அதுவும் போய்விடலாம்.

மணி ஏறக்குறைய ஒன்று. இப்போதுதான் ஷிப்ட் லீடை எழுப்ப வேண்டும். அவசரம் எங்கே என்றால், முன்கணிப்பு புரோகிராம் ஒவ்வொரு ஓட்டத்திலும் "கடைசியாக எவ்வளவு உற்பத்தி" என்பதை எடுத்துக்கொண்டுதான் அடுத்த சில மணி நேரத்தைக் கணிக்கிறது. அதற்கு 5.4 மெகாவாட் என்றே தெரிந்துகொண்டிருக்கிறது. உண்மை 3.1. அதை நம்பி மின் தொகுப்பைக் கவனிப்பவர்களுக்கு அனுப்பும் உற்பத்தி அட்டவணை ஒவ்வொரு பிளாக்கிலும் உண்மையிலிருந்து விலகும், விலகலுக்குக் கட்டணம் உண்டு. எனவே அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பத்து மெஷின்களுக்கு நேரடி உற்பத்தியை எடுக்க வேண்டாம், காலை வரை வானிலைக் கணிப்பை மட்டும் வைத்து ஓட்டுங்கள். துல்லியம் குறையும். உறைந்த எண்ணைவிட அது மேல்.

ஜூனியருக்கு மூல டேட்டாவை அழிக்கும் உரிமை இருக்காது, இருந்தாலும் அழிக்கக் கூடாது. 12:15 வரியில் பூஜ்யம் போட்டால் அலர்ட் அடங்கிவிடும், ஆனால் அதற்கு முந்தைய இரண்டரை மணி நேரப் பொய் உண்மையாகப் பதிவாகிவிடும். அடுத்த மாதம் அந்த வரிகளை வைத்துத்தான் முன்கணிப்பு மாடலை மறுபடி பயிற்றுவிப்பார்கள். அவள் செய்ய வேண்டியது, 9:40லிருந்து வந்த எல்லா வரிகளுக்கும் பக்கத்தில் தரம் சரியில்லை என்ற குறியைப் போடுவது. எண்கள் அப்படியே இருக்கட்டும்.

காலை 7:30க்குப் புது அடாப்டர் வருகிறது, ஸ்விட்ச் உயிர் பெறுகிறது, எண்கள் அசைகின்றன. இதற்குப் பிறகு வரும் வேலை பரபரப்பு இல்லாதது, ஆனால் எனக்குப் பிடித்தது. விட்டுப்போன ஒன்பது மணி ஐம்பது நிமிடத்தை எப்படி நிரப்புவது? நான்காம் மெஷினின் மொத்த யூனிட் எண் இத்தனை நேரமும் கன்ட்ரோலரில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 9:40க்கு இருந்ததையும் 7:30க்கு இருப்பதையும் கழித்தால் 3,900 யூனிட் என்று வருகிறது. உறைந்த 612ஐ நம்பியிருந்தால் 6,000 யூனிட்டுக்கு மேல் வந்திருக்கும். ஆக மொத்தம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அந்த 3,900 எந்தெந்தப் பிளாக்கில் எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியாது. அதற்குக் கன்ட்ரோலர் தனக்குள் சேமித்து வைக்கும் பத்து நிமிடச் சராசரிகளைக் கேட்டு வாங்க வேண்டும். நமக்கு வேண்டியது பதினைந்து நிமிடம், அது தருவது பத்து. 12:00 முதல் 12:15 வரை என்றால் முதல் பத்து நிமிடம் முழுசாகவும் அடுத்த பத்தில் பாதியும் எடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பாதி தோராயம்தான். எல்லாப் பிளாக்கையும் கூட்டினால் 3,900 வருகிறதா, பத்து மெஷினையும் கூட்டினால் சப்ஸ்டேஷன் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு பக்கமும் சரிபார்ப்பாள். மீட்டரில் கொஞ்சம் குறைவாக இருக்கும், கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் போகும் இழப்பு அது. இப்படி நிரப்பிய வரிகளுக்கு அளந்தது இல்லை, கணித்தது என்று வேறு குறி போடுவாள்.

அவள் எழுதி வைக்கும் புது விதியையும் சொல்கிறேன், தொழில் தெரிந்தவர்கள் படிக்கும்போது இது அவர்களுக்குப் பிடிக்கும். ஒரு மெஷினின் காற்று வேகம் அரை மணி நேரமாகத் துளியும் மாறாவிட்டால் அலர்ட். முதல் வாரத்திலேயே ஒரு பொய் அலர்ட் வரும். பராமரிப்புக்காகக் கன்ட்ரோலரை அணைத்து வைத்த மெஷின் ஒன்று, கேட்வே புண்ணியத்தில் பழைய வேகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் விதியை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு மெஷின் உறைந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு, மூன்று மெஷின்கள் ஒரே நிமிடத்தில் உறைந்தால் ஆளை எழுப்பும் அலர்ட். கூடவே இன்னொன்று: உற்பத்தி 612 கிலோவாட் என்றால் கால் மணியில் 153 யூனிட் ஏறியிருக்க வேண்டும், ஏறியதா? அன்று ராத்திரி இந்த ஒரு கழித்தல் இருந்திருந்தால் பத்து மணிக்குள்ளேயே தெரிந்திருக்கும். கேட்வேயை அமைத்த கம்பெனிக்கும் ஒரு கடிதம் போகும். பதில் வராத மெஷினுக்குப் பழைய எண்ணை அனுப்பாதீர்கள், காலியாக அனுப்புங்கள் என்று. அந்த மாற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அவள் விதிகள்தான் காவல்.

ஹேக்கர் பகுதியை வெட்டிய இடத்தில், 12:17க்கும் 12:32க்கும் நடுவில் அவள் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தை விரிவாக எழுதிப் பாருங்கள். கைப்பிரதி தயாரானதும் அனுப்புங்கள், தொழில் விவரங்களை மட்டும் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.